முதலில் நகர வேண்டிய வண்டி

சைரன் கேட்டால் வழிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மதுரையில் 108 ஆம்புலன்ஸ் ஓட்டியவன் நான். வேண்டுமென்றே மறிப்பவர்கள் மிகவும் குறைவு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தெருவில் நிற்கும் ஒவ்வொருவரும் நல்ல மனதோடு ஆளுக்கு அரை அடி நகர்ந்தால் வழி பிறப்பதில்லை. எங்கள் வண்டிக்கு இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து ஏறத்தாழ ஏழரை அடி அகலம் வேண்டும். அதுவும் ஒரே பக்கத்தில், இடையில் அறுபடாமல் கிடைக்க வேண்டும். இடது ஓரத்தில் இரண்டடி, வலது ஓரத்தில் மூன்றடி, நடுவில் இரண்டரை அடி என்று துண்டு துண்டாகக் கிடைக்கும் இடத்தைக் கூட்டினால் ஏழரை அடி வரும். வண்டி மட்டும் போகாது.

இந்தச் சேவை தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கியது. ஓட்டுபவரை பைலட் என்பார்கள். கூடவே மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார். நோயாளியை ஏற்றப் போகும்போது அவர் எனக்குப் பக்கத்து சீட்டில் இருப்பார்; ஏற்றிய பிறகு பின்னால் போய்விடுவார். சாலையில் இருப்பவர்கள் இந்த இரண்டு பயணங்களையும் ஒன்றுபோல நடத்துவதில்லை. வண்டிக்குள் யாரும் படுத்திருக்கவில்லை என்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டால், "காலி வண்டிக்கு எதுக்கு இந்தச் சத்தம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காலியாகப் போகும் வண்டிதான் பெரும்பாலும் அதிக அவசரத்தில் போகும் வண்டி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரிடம் அந்த நேரத்தில் மருத்துவம் தெரிந்தவர் யாருமே இருக்க மாட்டார்கள். வண்டிக்குள் ஏறிவிட்டால் ஆக்சிஜனாவது, பக்கத்தில் ஒரு கையாவது இருக்கும். தீயணைப்பு வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். அது சைரன் போடுவதே போகும்போதுதான்.

ஓட்டுநர்களிடம் நான் முதலில் கேட்பது நிற்பதைத்தான். வண்டியை ஓரமாகக் கொண்டுபோனபடியே மெதுவாக ஓட்டிக்கொண்டிருப்பது வழிவிடுவது ஆகாது. பின்னால் இருந்து பார்க்கும் எனக்கு, நகர்ந்துகொண்டிருக்கும் கார் அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. இடது இண்டிகேட்டரைப் போட்டு, இடது ஓரத்துக்குப் போய், சக்கரத்தை நேராக்கி முழுதாக நின்றுவிட்ட காரைப் பார்த்ததும் என் கால் ஆக்சிலேட்டரை அழுத்தும். அரை மனதாக ஊர்ந்துகொண்டிருக்கும் காரைப் பார்த்தால் கால் பிரேக்கின் மேலேயே இருக்கும். ஒரு தெரு முழுக்க அப்படி ஊர்ந்தால், வழி இருந்தும் நான் நடை வேகத்தில்தான் போக முடியும்.

சைரன் கேட்ட பதற்றத்தில் இருந்த இடத்திலேயே சட்டென்று பிரேக் போடுவது இதைவிட ஆபத்து. பின்னால் மருத்துவ உதவியாளர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இதயம் நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். அதைப் பெல்ட் போட்டு உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. முன்னால் ஒருவர் நடுச்சாலையில் நின்றுவிட்டால் நானும் பிரேக்கை மிதித்தாக வேண்டும். உள்ளே அவர் தடுமாறுவார், அழுத்தம் தடைபடும். அதனால் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிற்க வேண்டும். இதற்கு ஐந்தாறு நொடி ஆகும். அந்த ஐந்தாறு நொடியை நான் மனமாரப் பொறுத்துக்கொள்வேன்.

எல்லா இடத்திலும் உடனே நிற்கச் சொல்லவில்லை. யானைக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் போகும் ஏ.வி. பாலத்தை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். 1889இல் வைகை மேல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலம். பாலத்தில் ஒதுங்கத் தனி ஓரம் கிடையாது, கைப்பிடிச் சுவர்தான். அங்கே பாதியில் நின்றால் நீங்களும் நிற்பீர்கள், நானும் நிற்பேன். பாலத்தின் மேல் சைரன் கேட்டால் ஒரே சீரான வேகத்தில் பாலத்தைக் கடந்து, இறங்கியதும் இடப்பக்கம் ஒதுங்குவதுதான் சரி. வளைவிலும் மேட்டிலும் அப்படியே. நீங்கள் மறைவில் நின்றால் உங்களை முந்த நான் எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். எதிரே வருபவர் எனக்குத் தெரியமாட்டார். வளைவு முடியும்வரை இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு போங்கள். உங்களுக்கு நான் இருப்பது தெரிந்துவிட்டது என்பதை அந்த விளக்கு எனக்குச் சொல்லிவிடும். அதற்கு மேல் உங்களைத் துரத்த மாட்டேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். அது நியாயமானது. சைரனின் ஒலிபெருக்கி முன்னோக்கி இருக்கிறது. கண்ணாடியை ஏற்றி, ஏசியும் பாட்டும் போட்டிருக்கும் காருக்குள் அந்தச் சத்தம் நான் மிக அருகில் வந்த பிறகே நுழையும். இரு பக்கமும் மாடிக் கட்டடம் இருக்கும் வீதியில் ஒலி சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும். குறுக்குத் தெருவிலிருந்து வரும் வண்டியின் சத்தம் பின்னால் கேட்பதுபோல இருக்கும். அதனால் நாங்கள் ஒரே ஒலியை வைத்துக்கொண்டு போவதில்லை. திறந்த சாலையில் மெல்ல ஏறி இறங்கும் நீண்ட ஒலி. சந்திப்பு நெருங்கும்போது வேகமாக விட்டுவிட்டுக் கத்தும் ஒலி. ஒலி மாறினால்தான் காது திரும்பும். உங்கள் பக்கம் செய்யக்கூடியது எளிது. சைரன் கேட்டதும் திசை தெரியாவிட்டால் பாட்டை அணையுங்கள், கண்ணாடியை நாலு விரற்கடை இறக்குங்கள், மூன்று கண்ணாடிகளையும் பாருங்கள், எதிரே இருக்கும் கடைகளின் கண்ணாடியில் சிவப்பு, நீல ஒளி விழுகிறதா என்று பாருங்கள். அதுவரை சந்திப்புக்குள் நுழையாதீர்கள். சில நோயாளிகளுக்குச் சைரன் சத்தமே படபடப்பைக் கூட்டும் என்பதால் கொஞ்ச தூரம் அதை அணைத்துவிட்டு விளக்கோடு மட்டும் வருவதும் உண்டு. விளக்கு சுழன்றால் போதும், சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சிக்னலுக்கு வருகிறேன். சிவப்பு விளக்கில் மூன்று வரிசை நிற்கிறது, நான் கடைசியில் வந்து சேர்கிறேன். எனக்கு முன்னால் இருப்பவர் பதறிப்போய் ஹாரன் அடிப்பார். அவருக்கு முன்னால் இருப்பவரும் அடிப்பார். இவர்கள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே திசையில் நிற்கும் வரிசையில் முதலில் நகர வேண்டியவர் நிறுத்தக் கோட்டில் நிற்பவர். அவரோ என்னிடமிருந்து வெகுதூரத்தில், இது தனக்கான சத்தம் இல்லை என்று எண்ணி நிற்பார். சிவப்பில் கோட்டைத் தாண்டினால் கேமரா பிடித்துவிடுமோ என்ற பயமும் இருக்கும். போக்குவரத்துக் காவலர் இருந்தால் அவர் கையைப் பாருங்கள். அவர் போகச் சொன்னால் போங்கள். இல்லாவிட்டால் சந்திப்பைக் கடந்து குறுக்கே ஓட வேண்டாம். பச்சையில் வரும் குறுக்குப் போக்குவரத்தில் மாட்டினால் ஒரு ஆம்புலன்ஸுக்கு இரண்டு வேலையாகிவிடும். இடது வரிசையின் முதல் வண்டிக்கு இடப்பக்கம் திரும்பும் வழி திறந்திருந்தால் அவர் திரும்பிப் போய்விடலாம். சுற்றி வர அவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். அவர் விட்ட இடத்துக்கு நடுவரிசையின் முதல் வண்டி சாய்ந்து முன்னேறினால், அதன் பின்னால் இருப்பவர்கள் வரிசையாக இடப்பக்கம் சாய வழி கிடைக்கும். வலது ஓரம் திறக்கும். முன்னால் ஒருவர் நாலடி நகர்ந்ததில் பின்னால் இருபது வண்டிக்கு இடம் கிடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பச்சை விழுந்திருக்கும்போது சைரன் கேட்டு நடுச்சந்திப்பில் நின்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். சந்திப்பைக் கடந்துவிட்டு நில்லுங்கள்.

மேலே சொன்னது எல்லோரும் ஒரே திசையில் நிற்கும் சாலைக்கு. எதிரும் புதிருமாக வண்டி வரும் ஒடுங்கிய வீதியில் கணக்கு தலைகீழாகும். அதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது கீழமாசி வீதி. மொத்தப் பலசரக்குக் கடைகள் இருக்கும் வீதி அது. மாலை நேரம், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று அழைப்பு வந்தது. விளக்குத்தூண் பக்கமிருந்து நுழைந்தேன். இடது பக்கம் வரிசையாக டூவீலர்கள். வலது பக்கம் ஒரு குட்டியானை, பின்கதவைத் திறந்து வைத்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடத்தில் எதிரே ஒரு ஷேர் ஆட்டோ. அதன் பின்னால் ஒரு கார், அதன் பின்னால் நாலைந்து பைக்குகள். ஆட்டோக்காரர் மிகவும் நல்லவர். என்னைக் கண்டதும் உடனே பின்னால் எடுக்க முயன்றார். அவர் எடுக்க எடுக்க, பின்னால் இருந்த கார் நகரவில்லை. காருக்குப் பின்னால் பைக்குகள் வந்து ஒட்டிக்கொண்டன. எல்லோரும் ஆட்டோவைப் பார்த்துத் திட்டினார்கள்.

மருத்துவ உதவியாளர் முதலுதவிப் பையைத் தூக்கிக்கொண்டு நோயாளியிடம் நடந்தே போய்விட்டார். நூறடி தூரத்தில் நிற்கும்போது இதைத்தான் செய்ய வேண்டும். வண்டி பிறகு வரலாம், சிகிச்சை அதற்காக நிற்கக் கூடாது. நான் இறங்கி ஆட்டோவைத் தாண்டி, காரைத் தாண்டிக் கடைசிப் பைக்கிடம் போனேன். "தம்பி, நீங்கதான் முதல்ல. கீழே இறங்கி வண்டியத் தள்ளி அந்தச் சந்துக்குள்ள விடுங்க." அவர் போனதும் அடுத்த பைக். அதற்கடுத்தது. பைக்குகள் எல்லாம் சந்துக்குள் போனபிறகு கார் பின்னால் வந்து, சந்து வாயில் மூக்கை நுழைத்து நின்றது. காருக்குப் பின் ஆட்டோ ஒரு கடை வாசலில் ஏறிக்கொண்டது. எதிரே வரும் வரிசையில் கடைசியாக நிற்பவர்தான் முதலில் பின்வாங்க வேண்டும். முதலில் நிற்பவரைத் திட்டிப் பயனில்லை.

குட்டியானை டிரைவர் அதற்குள் அவசரமாக வண்டியை எடுத்தார். பின்கதவு திறந்தபடியே பின்னால் எடுக்கப் பார்த்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். "கதவச் சாத்திட்டு முன்னாடி எடுங்கண்ணே, பின்னாடி வராதீங்க." கதவு சாலைப்பக்கமாகத் திறந்து நின்றால் அதுவே ஒன்றரை அடியைத் தின்றுவிடும். பின்னால் எடுப்பவருக்கு எங்கள் வண்டியும் தெரியாது, குறுக்கே ஓடும் ஆளும் தெரியாது. அவர் கதவைச் சாத்தியதுமே பாதி வழி கிடைத்துவிட்டது. கடைக்காரர்கள் இரண்டு பேர் இடது பக்க டூவீலர்களின் பின்பக்கத்தைத் தூக்கி நேராக்கினார்கள். சாய்த்து நிறுத்தியிருந்த பைக்கை நிமிர்த்தி நிறுத்தினாலே ஒவ்வொன்றும் ஓரடி இடம் தரும். வண்டி உள்ளே போனது. அந்தத் தொழிலாளிக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வழி அப்படியே திறந்திருந்தது. ஆட்டோக்காரர் கடை வாசலிலேயே காத்திருந்தார், எதிரே வந்த பைக்குகளைச் சந்து முனையில் ஒரு கடைப்பையன் நிறுத்தி வைத்திருந்தான். உள்ளே போன ஆம்புலன்ஸ் அதே வழியாகத் திரும்பி வரும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். வழிவிட்ட மறு நிமிடமே எல்லோரும் பழைய இடத்துக்கு வந்து அடைத்துக்கொண்டால், நோயாளியோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சந்துக்குள் ஆம்புலன்ஸ் போனால் அது வெளியே வரும்வரை அந்த முனையைக் காலியாக வைத்திருங்கள்.

தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர் உண்டு. விபத்து நடந்த இடத்தில் இருவரும் அடிக்கடி சந்திப்போம். "உனக்கு வழி இருந்தா போதும்ப்பா, எனக்கு முக்கு வேணும்" என்பார். அவருடைய வண்டி லாரி சேஸிஸில் கட்டியது, எட்டடிக்கு மேல் அகலம், நீளமும் அதிகம். நேரான தெருவில் போய்விடும். தெருமுனையில் திரும்பும்போதுதான் மாட்டும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். தெருமுனையில் நிறுத்திய ஒரு பைக், ஒரு தள்ளுவண்டி, வெளியே நீண்ட கடைப் பலகை இவற்றில் ஒன்று போதும் அவரை நிறுத்த. ஆம்புலன்ஸ் என்றால் ஆள் இறங்கி நடக்கலாம், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வரலாம். அவருடைய பம்பும் தண்ணீரும் வண்டியிலேயே இருக்கின்றன. தெருமுனையில் நின்றுவிட்டால் அங்கிருந்து குழாயை ஒன்றோடொன்று இணைத்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். தூரம் கூடக்கூட நேரமும் போகும், முனையில் தண்ணீரின் அழுத்தமும் குறையும்.

நிற்கும் தூரத்திலும் அவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 4,500 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீர் மட்டுமே நாலரை டன். பிரேக் போட்டாலும் அது சட்டென்று நிற்காது. வளைவில் தண்ணீர் அலையும்போது வண்டி சாயப் பார்க்கும். தீயணைப்பு வண்டிக்கு முன்னால் புகுந்து ஓடுவது, அது நின்றுவிடும் என்று நம்பிக் குறுக்கே கடப்பது இரண்டும் வேண்டாம். அது தீப்பிடித்த இடத்தில் நின்ற பிறகும் வழிவிடும் வேலை முடிவதில்லை. வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தினால் பின்பக்கக் குழாய்களை எடுக்க முடியாது. தண்ணீர் தீர்ந்ததும் அது வெளியே போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும், அல்லது அடுத்த வண்டி உள்ளே வர வேண்டும். அந்தப் பாதையில் வேடிக்கை பார்ப்பவர்களின் பைக்குகள் நிற்கும். சாலையில் கிடக்கும் குழாய் மேல் வண்டியை ஏற்றிக் கடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அழுத்தத்தில் இருக்கும் குழாய் சக்கரம் ஏறினால் வெடிக்கும். மறுமுனையில் அதைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நிற்பவருக்கு அந்த நொடியில் தண்ணீர் நின்றுபோகும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 194E பிரிவின்படி, தீயணைப்பு வண்டிக்கோ ஆம்புலன்ஸுக்கோ வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் அவசர வண்டிகளுக்குள் தீயணைப்பு வண்டியை முதலிலும் ஆம்புலன்ஸை அடுத்ததாகவும் வைக்கின்றன. இருவரும் ஒரே சந்திப்பில் சேர்ந்தால் நான் நின்று அவரை விடுவேன். அபராதத்துக்குப் பயந்து வழிவிடுபவர் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பார் என்பது உண்மைதான். ஆனால் ரயில்வே கேட்டில் அந்தப் பயம் மட்டும் போதாது.

ரயில்வே கேட்தான் என்னை மிகவும் வருத்தும் இடம். கேட் மூடியதும் இரண்டு பக்கமும் வண்டிகள் சாலையின் முழு அகலத்தையும் நிரப்பிக்கொள்ளும். இடது பாதி நமக்கு, வலது பாதி எதிரே வருபவருக்கு என்ற எண்ணமே இருக்காது. கேட் திறந்ததும் இரண்டு சுவர்கள் தண்டவாளத்தின் மேல் முட்டிக்கொள்ளும். பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று கேட் கீப்பரிடம் ஓடிப்போய்ச் சண்டை போடுவார்கள். அவரால் திறக்க முடியாது. சிக்னலோடு பூட்டிய கேட்டில், கேட் மூடிப் பூட்டிய பிறகே ரயிலுக்குச் சிக்னல் விழும். விழுந்த பிறகு ரயில் கடக்கும்வரை அது திறக்காது. அந்தச் சில நிமிடம் நோயாளி காத்திருந்தே ஆக வேண்டும். நம் கையில் இருப்பது கேட் திறந்த பிறகு வரும் பத்து நிமிடம். கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் அவரவர் இடது பாதியில் மட்டும் ஒருவர் பின் ஒருவராக நின்றால், ஆம்புலன்ஸ் காலியான வலது பாதியில் கேட் முகம் வரை வந்து நிற்கும். கேட் திறந்ததும் முதலில் அது கடக்கும், எதிர்ப்பக்கத்தின் முதல் வண்டி மட்டும் ஒரு நொடி பொறுத்தால் போதும். இதற்கும் முதலில் வந்து நிற்பவர்தான் காரணமாகிறார். முதல் கார் இடப்பக்கம் நின்று, இரண்டாவது கார் அதற்கு வலப்பக்கம் வந்து நின்றால் அதோடு சாலை அடைந்துவிடும். இரண்டாவது ஆள் பின்னால் நின்றால் மூன்றாவது ஆளும் பெரும்பாலும் பின்னால்தான் நிற்பார்.

வழிவிட்ட பிறகு கிளம்புவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஆம்புலன்ஸ் திறந்துகொண்டு போகும் வழியில் அதன் வாலைப் பிடித்து வரும் பைக்குகளும் கார்களும் எப்போதும் இருக்கும். ஒதுங்கி நிற்பவர் என்னை விட்டுவிட்டுச் சாலைக்குத் திரும்பும்போது இடிப்பது பெரும்பாலும் இவர்களைத்தான். நான் பிரேக் போட்டால் என் பின்கதவில் மோதுவதும் இவர்கள்தான். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நோயாளியின் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது. உறவினர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: சாதாரண வேகத்தில் வாருங்கள், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டேன், பின்னாலேயே ஓட்டி வர வேண்டாம். பெரிய விபத்துக்கு இரண்டு மூன்று ஆம்புலன்ஸ்கள் அனுப்புவார்கள், தீ என்றால் இரண்டாவது வண்டி சற்று இடைவெளி விட்டு வரும். ஒன்று கடந்ததும் வலது கண்ணாடியைப் பாருங்கள், தலையைத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள். பின்னால் வேறு விளக்கு சுழலவில்லை என்று தெரிந்த பிறகு வலது இண்டிகேட்டரைப் போட்டுக் கிளம்புங்கள்.